இரண்டு ஆவி அழுத்தங்களிலிருந்து ஆவியாதல் என்தால்பி

ஒரு மோல் திரவத்தை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் தேவை என்று நேரடியாக அளக்க வேண்டுமானால் கலோரிமானி வேண்டும், மின்சூடேற்றி வேண்டும், வெளியே கசியும் வெப்பத்துக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கசிவுதான் பெரிய தொல்லை. இந்த அத்தியாயத்தில் சொல்லும் முறையில் வெப்பத்தை அளக்கவே தேவையில்லை. திரவத்தின் ஆவி அழுத்தத்தை இரண்டு வெப்பநிலைகளில் அளந்தால் போதும். ஆவி அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்குள் ஆவியாதல் என்தால்பி ஒளிந்திருக்கிறது.

எடுத்துக்கொள்ளும் திரவம் தண்ணீர். தீப்பற்றாது, நச்சில்லை, கையில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, தண்ணீரின் ஆவி அழுத்தம் மிகத் துல்லியமாக அளந்து அட்டவணையிடப்பட்டிருப்பதால், நம் விடை எங்கே பிசகியது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். தெரிந்த திரவத்தில் பிழைகளைப் பிடிக்கக் கற்ற பிறகுதான் தெரியாத திரவத்துக்குப் போக வேண்டும்.

சமன்பாடு எதைச் சொல்கிறது

பிரெஞ்சுப் பொறியாளர் கிளாப்பிரான் 1834-இல் ஆவி அழுத்தத்தின் ஏற்றத்தையும் ஆவியாதல் வெப்பத்தையும் இணைத்தார். 1850-இல் ஜெர்மானியரான கிளாசியஸ் அதை இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு வெப்பநிலைகளுக்கு எழுதினால் அது இப்படி இருக்கும்:

ln(P₂/P₁) = (ΔH/R) × (1/T₁ − 1/T₂)

நமக்கு வேண்டியது ΔH. எனவே,

ΔH = R × ln(P₂/P₁) ÷ (1/T₁ − 1/T₂)

T₁ குறைந்த வெப்பநிலை, T₂ உயர்ந்தது. இரண்டும் கெல்வினில். P₁, P₂ அந்தந்த வெப்பநிலையில் ஆவி அழுத்தம். R வாயு மாறிலி, 8.314 ஜூல்/(மோல் கெல்வின்). அழுத்தங்கள் விகிதமாக மட்டுமே வருவதால் எந்த அலகிலும் இருக்கலாம். இரண்டும் ஒரே அலகில் இருந்தால் சரி. இந்த அத்தியாயத்தில் பாதரச மில்லிமீட்டரே அலகு.

இந்த எளிய வடிவத்துக்கு மூன்று அனுமானங்கள் அடிப்படை. ஆவி நல்லியல்பு வாயுபோல நடக்கிறது. திரவத்தின் கன அளவை ஆவியின் கன அளவோடு ஒப்பிட்டால் ஒதுக்கிவிடலாம். எடுத்துக்கொண்ட வெப்பநிலை இடைவெளியில் ΔH மாறவில்லை. இரண்டாவது அனுமானம் பற்றிக் கவலையே வேண்டாம்: 75 டிகிரி செல்சியஸில் ஒரு மோல் தண்ணீர் சுமார் 18 மி.லி., அதே ஒரு மோல் நிறைவுற்ற நீராவி ஏறத்தாழ 75 லிட்டர். முதல் அனுமானமும் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே நன்றாகவே நிற்கிறது. மூன்றாவதுதான் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டியது. விடையை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வரும்போது அதற்குத் திரும்புவோம்.

கவிழ்த்த அளவு ஜாடி

கருவி மிகச் சிறியது. 0.1 மி.லி. கோடுகள் உள்ள 10 மி.லி. அளவு ஜாடி, அது முழுதும் மூழ்கும் அளவுக்கு உயரமான ஒரு லிட்டர் பீக்கர், அரை டிகிரியாவது படிக்கக்கூடிய வெப்பநிலைமானி, ஐஸ். ஜாடியின் அடிப்பாகம் கழற்றக்கூடிய பிளாஸ்டிக்காக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கருத்து இதுதான். ஜாடிக்குள் கொஞ்சம் காற்றை அடைத்து, தண்ணீருக்குள் கவிழ்த்து வைக்கிறோம். அந்தக் குமிழுக்குள் காற்றும் நீராவியும் சேர்ந்து இருக்கின்றன. இரண்டின் அழுத்தமும் சேர்ந்தால் வெளி அழுத்தம். சூடேற்றும்போது காற்று விரிகிறது. அதோடு நீராவியும் கூடுகிறது. காற்று மட்டும் எவ்வளவு விரியும் என்பது நமக்குத் தெரியும். குமிழ் அதற்கு மேலும் விரிந்தால் அந்த மிகுதி நீராவியின் வேலை.

உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று எப்படி அறிவது? பீக்கரில் ஐஸ் போட்டு 5 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் நீராவி ஏறக்குறைய இல்லாமல் போகும், மிஞ்சுவது காற்றுதான். அந்தக் கன அளவுதான் முழுக் கணக்குக்கும் அடித்தளம்.

முதலில் காய்ச்சி வடித்த நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். இதைச் சிலர் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. சாதாரணத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று சூடேறும்போது வெளியேறி நம் குமிழோடு சேர்ந்துகொள்ளும். குமிழில் உள்ள காற்றின் அளவு மாறாது என்பதுதான் கணக்கின் உயிர். ஜாடியின் உள்சுவரில் சிறுசிறு குமிழ்கள் ஒட்டியிருப்பதைக் கண்டால் தண்ணீர் சரியாகக் கொதிக்கவில்லை என்று பொருள்.

ஆறிய நீரைப் பீக்கரில் ஊற்றுங்கள். அளவு ஜாடியில் முக்கால் அளவுக்கும் சற்றுக் குறைவாக அதே நீரை ஊற்றி, வாயை விரலால் மூடி, கவிழ்த்து, பீக்கருக்குள் மூழ்கவிட்டு விரலை எடுங்கள். மேலே, அதாவது ஜாடியின் மூடிய முனையில், ஒரு காற்றுக் குமிழ் நிற்கும். அறை வெப்பநிலையில் அது 4 முதல் 4.5 மி.லி. வரை இருக்கட்டும். அதைவிடப் பெரியதானால் 80 டிகிரியில் 10 மி.லி. கோட்டைத் தாண்டிவிடும், படிக்க முடியாது. சிறியதானால் படிக்கும் பிழை பெரிதாகத் தெரியும்.

இனி வரிசை. குளிரில் தொடங்கிச் சூடாக்குவது இயல்பாகத் தோன்றும். நான் பரிந்துரைப்பது இதற்கு எதிர்த்திசை: முதலில் 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள், பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஆற ஆற அளவெடுங்கள், கடைசியில் ஐஸ். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. சூடாக்கும்போது ஒரு குமிழ் வெளியே தப்பினாலும், கொஞ்சம் காற்று உள்ளே சேர்ந்தாலும் கவலையில்லை; காற்றின் அளவைக் கடைசியில்தான் தீர்மானிக்கிறோம். இரண்டாவது, ஆறும்போது வெப்பநிலை மெதுவாக இறங்கும். ஜாடிக்குள் இருக்கும் வாயுவும் வெளியே இருக்கும் நீரும் ஒரே வெப்பநிலைக்கு வர நேரம் கிடைக்கும். அடுப்பு எரியும்போது படித்தால் வெப்பநிலைமானி முன்னே ஓடும், வாயு பின்தங்கும்.

வெப்பநிலைமானியின் குமிழ் ஜாடியில் உள்ள வாயுவின் உயரத்திலேயே இருக்கட்டும். கண்ணாடிக் கம்பியால் இடைவிடாமல் கலக்குங்கள். கலக்காத பீக்கரில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் இருக்கும். குமிழின் அருகே என்ன வெப்பநிலை என்பது உங்களுக்குத் தெரியாது.

வளைந்த மேற்பரப்பும் 0.2 மி.லி. திருத்தமும்

அளவு ஜாடியின் கோடுகள் நிமிர்த்தி வைத்து, உள்ளே திரவம் இருக்கும்போது, வளைந்த மேற்பரப்பின் அடிப்புள்ளியைப் படிப்பதற்காகப் போடப்பட்டவை. தண்ணீர் கண்ணாடிச் சுவரோடு ஏறி நிற்பதால், அடிப்புள்ளிக்கு மேலே ஓரத்தில் கொஞ்சம் நீர் இருக்கும். அந்த ஓர நீரையும் சேர்த்துத்தான் கோடு. ஜாடியைக் கவிழ்த்ததும் நிலைமை மாறுகிறது. மூடிய முனையில் இருப்பது இப்போது வாயு. ஓரத்தில் ஏறிய நீர் வாயுவின் இடத்தைத் தின்றுவிடுகிறது. எனவே கோடு காட்டும் எண் உண்மையான வாயுக் கன அளவைவிடக் கூடுதல். கோட்டில் சேர்த்தது ஒரு முறை, வாயுவின் இடத்தைத் தின்றது இன்னொரு முறை என ஓர நீர் இரண்டு முறை கணக்கில் வருகிறது. 10 மி.லி. ஜாடியில் இது சுமார் 0.2 மி.லி. ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் 0.2 கழித்துவிட வேண்டும்.

ஒரு முழுக் கணக்கு

அன்றைய காற்றழுத்தம் 756 மி.மீ. பாதரசம் என்று கொள்வோம். 75 டிகிரியில் ஜாடி 8.30 மி.லி., 50 டிகிரியில் 5.50, ஐஸ் நீரில் 3 டிகிரியில் 4.20 காட்டியது. 0.2 கழித்தால் முறையே 8.10, 5.30, 4.00 மி.லி. கெல்வினில் வெப்பநிலைகள் 348.15, 323.15, 276.15.

3 டிகிரியில் நீராவி ஏறக்குறைய இல்லை என்று சொன்னேன். ஏறக்குறையதான், அட்டவணைப்படி 5.7 மி.மீ. இருக்கிறது. எனவே காற்றின் பங்கு 756 − 5.7 = 750.3 மி.மீ.

காற்றின் அளவு மாறாததால், வேறொரு வெப்பநிலையில் அதன் அழுத்தத்தைக் கன அளவு விகிதத்தாலும் வெப்பநிலை விகிதத்தாலும் பெருக்கிப் பெறலாம்:

50 டிகிரியில்: 750.3 × (4.00/5.30) × (323.15/276.15) = 662.6 மி.மீ.

75 டிகிரியில்: 750.3 × (4.00/8.10) × (348.15/276.15) = 467.1 மி.மீ.

மொத்த அழுத்தத்திலிருந்து இவற்றைக் கழித்தால் ஆவி அழுத்தம்:

P₁ = 756 − 662.6 = 93.4 மி.மீ.

P₂ = 756 − 467.1 = 288.9 மி.மீ.

அட்டவணை மதிப்புகள் சுமார் 92.5, 289. ஒரு அளவு ஜாடியும் பீக்கரும் கொண்டு இவ்வளவு நெருங்கியது நல்ல வேலை. இனிச் சமன்பாட்டில் போடுவோம்.

ln(288.9/93.4) = ln 3.093 = 1.129

1/323.15 − 1/348.15 = 0.0030945 − 0.0028723 = 0.0002222

ΔH = 8.314 × 1.129 ÷ 0.0002222 ≈ 42,200 ஜூல்/மோல்

அதாவது மோலுக்கு 42.2 கிலோஜூல். கிராமுக்கு வேண்டுமானால் 18.0-ஆல் வகுக்க, சுமார் 2345 ஜூல்.

தலைகீழ் வெப்பநிலைகளைக் கணக்கிடும்போது முன்கூட்டியே முழுமையாக்கிவிடாதீர்கள். 0.0031-இலிருந்து 0.0029 கழித்தால் 0.0002 வரும், பத்து சதவீதம் போய்விட்டது. கடைசி வரை ஏழு தசம இடங்களை விடாமல் வைத்திருங்கள்.

எந்த மதிப்போடு ஒப்பிடுவது

பாடநூலைப் புரட்டினால் தண்ணீரின் ஆவியாதல் என்தால்பி 40.65 கிலோஜூல்/மோல் என்று இருக்கும். நம் விடை 42.2. ஏறக்குறைய நான்கு சதவீதப் பிழை என்று எழுதி மாணவர்கள் வருத்தத்தோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒப்பீடே தவறு. 40.65 என்பது 100 டிகிரியில் உள்ள மதிப்பு. 25 டிகிரியில் அது 43.99. வெப்பநிலை ஏற ஏற ஆவியாதல் என்தால்பி குறைந்துகொண்டே போகும். திரவத்துக்கும் ஆவிக்கும் உள்ள வேறுபாடு சுருங்கி, நிலைமாறு வெப்பநிலையில் சுழியாகிவிடும்.

இரண்டு புள்ளி முறை தருவது அந்த இடைவெளியின் சராசரி. 50-க்கும் 75-க்கும் நடுவே 62 டிகிரிச் சொச்சம். அங்கே உண்மையான மதிப்பு சுமார் 42.4. நம் பிழை அரை சதவீதம்தான். எனவே விடையை எழுதும்போது எப்போதும் வெப்பநிலை எல்லையையும் சேர்த்தே எழுதுங்கள்: 50 முதல் 75 டிகிரி வரை, 42.2 கிலோஜூல்/மோல். எல்லையில்லாத எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

அட்டவணையில் உள்ள துல்லியமான ஆவி அழுத்தங்களையே போட்டுப் பார்த்தாலும் 42.6 வரும், 42.4 அல்ல. அந்தச் சிறு மிகுதி நம் கைப்பிழை அல்ல, சமன்பாட்டின் விலை: நீராவி முழு நல்லியல்பு வாயு அல்ல, அதன் கன அளவு சற்றுக் குறைவு. எவ்வளவு கவனமாக அளந்தாலும் இந்தச் சமன்பாட்டால் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

பலவீனம் குறைந்த வெப்பநிலையில்தான்

இந்த முறையில் எங்கே கவனத்தைச் செலவழிப்பது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை. அதற்கு ஒவ்வோர் அளவீட்டையும் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும்.

75 டிகிரி அளவீட்டில் 0.1 மி.லி. பிசகட்டும், 8.10-க்குப் பதில் 8.20 என்று படித்துவிட்டோம். விடை 43.0 ஆகும். பரவாயில்லை. இப்போது அதே 0.1 மி.லி. பிசகை 50 டிகிரியில் வைப்போம், 5.30-க்குப் பதில் 5.20. காற்றின் அழுத்தம் 675.4 ஆகிறது, ஆவி அழுத்தம் 80.6, விடை 47.8. மறுபக்கம் 5.40 என்று படித்தால் 37.7. ஒரே ஒரு கோட்டுப் பிழை, விடை மேலோ கீழோ பத்து சதவீதத்துக்கும் மேல் போய்விடுகிறது.

காரணம் எளிது. 50 டிகிரியில் ஆவி அழுத்தம் என்பது 756-இலிருந்து 662.6 கழித்து வந்த சிறு மிச்சம். பெரிய எண்ணில் வரும் இரண்டு சதவீதத் தவறு, சிறு மிச்சத்தில் பதினான்கு சதவீதமாகிவிடுகிறது. 75 டிகிரியில் மிச்சம் பெரியது, அதனால் தாங்குகிறது.

இரண்டு வெப்பநிலைகளும் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது என்ற பொது அறிவுரை இங்கே பாதிதான் உண்மை. நெருங்கி எடுத்தால் நாசம்தான்: 50-உம் 55-உம் எடுத்தால் அதே 0.1 மி.லி. தவறு விடையைப் பாதிக்குமேல் மாற்றிவிடும். ஆனால் விலக்க வேண்டும் என்று T₁-ஐ 25 டிகிரிக்கு இறக்கினால் என்ன ஆகும்? அங்கே உண்மையான ஆவி அழுத்தம் 23.8 மி.மீ. கன அளவை 0.1 மி.லி. குறைத்துப் படித்தால் அது சுமார் 7 மி.மீ. என்று வரும். அப்படிப்பட்ட எண்ணை மடக்கைக்குள் போடுவதில் பொருளே இல்லை. 40 டிகிரியும் அவ்வளவு நல்லதல்ல. தண்ணீருக்கு, இந்தக் கருவிக்கு, T₁ 50-க்கும் 60-க்கும் இடையிலும் T₂ 75-க்கும் 80-க்கும் இடையிலும் இருப்பதே சரி.

ஐஸ் நீரில் எடுக்கும் கன அளவும் இதே அளவு முக்கியம். 4.00-ஐ 3.90 என்று படித்தால் விடை 37.6 ஆகிவிடும். ஐஸில் வைத்தவுடன் படிக்கும் அவசரம் வேண்டாம். வாயு சுருங்கிச் சுருங்கி நிற்கும் வரை பொறுத்து, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை படித்து, மாறவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 3 டிகிரியில் உள்ள 5.7 மி.மீ. நீராவியை ஒதுக்கிவிடச் சொல்லும் செய்முறைக் கையேடுகளும் உண்டு. ஒதுக்கினால் விடை 42.2-இலிருந்து ஏறத்தாழ 43.9-க்கு ஏறிவிடுகிறது. ஒரே ஒரு கழித்தல், அதைச் செய்துவிடுங்கள். வளைவுத் திருத்தத்தை மறந்தாலும் இதே போல 44.0 வரும்.

பலர் மிகவும் கவலைப்படும் காற்றழுத்தமானி உண்மையில் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. 756-க்குப் பதில் 740 என்று போட்டுக் கணக்கிடுங்கள், விடை 42.2-ஆகவே நிற்கும். மொத்த அழுத்தத்தில் உள்ள தவறு P₁-ஐயும் P₂-ஐயும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் மாற்றுகிறது, விகிதம் அசையாது. குமிழுக்கு மேலே நிற்கும் சில சென்டிமீட்டர் தண்ணீரின் கூடுதல் அழுத்தமும் இதே காரணத்தால் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆய்வகத்தில் காற்றழுத்தமானி பழுது என்றால் அன்றைய வானிலைத் தகவலில் உள்ள அழுத்தத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள். ஆனால் அந்தத் தகவல் கடல்மட்டத்துக்குத் திருத்திய அழுத்தம் என்பதை நினைவில் வையுங்கள். மலைப்பகுதியில் அது உங்கள் ஆய்வகத்து அழுத்தம் ஆகாது. காற்றழுத்தமானிக்குச் செலவிடும் அக்கறையை 50 டிகிரிக் கோட்டைப் படிப்பதில் செலவிடுங்கள்: கண் நீர்மட்டத்துக்கு நேராக, இரண்டு பேர் தனித்தனியே படித்து, ஒப்பிட்டு.

வெப்பநிலைமானியில் ஒரு டிகிரி பிழை இரண்டு வெப்பநிலைகளிலும் ஒரே பக்கம் இருந்தால் இடைவெளி மாறாது, பெரிய தீங்கில்லை. ஒன்றில் மட்டும் பிசகினால் 25 டிகிரி இடைவெளி 24-ஆகிறது, அதுவே நான்கு சதவீதம். எனவே இரண்டு அளவுக்கும் ஒரே வெப்பநிலைமானியைப் பயன்படுத்துங்கள்.

விடையே சொல்லும் கணக்குப் பிழைகள்

சில தவறுகளை விடையின் அளவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். செல்சியஸை அப்படியே போட்டால் 1.4 கிலோஜூல் வரும். இவ்வளவு எளிதில் ஆவியாகும் எதுவும் அறை வெப்பநிலையில் திரவமாக நின்றிருக்காது. பத்தின் அடிமான மடக்கையை இயல் மடக்கைக்குப் பதிலாகப் போட்டால் 18.3 வரும், சரியான விடையை 2.303-ஆல் வகுத்த எண் அது. R-க்கு 0.0821 போட்டிருந்தால் 417 வரும். அந்த மாறிலி லிட்டர்-வளிமண்டல அலகில் இருப்பது, ஜூலைத் தராது. விடைக்கு எதிர்மறைக் குறி வந்தால் T₁-உம் T₂-உம் இடம் மாறி, அழுத்தங்கள் மாறாமல் நிற்கின்றன.

இரண்டு புள்ளிகள் தம் தவறைத் தாமே சொல்லாது

மேலே சொன்னவை கணக்குப் பிழைகள். அளவீட்டுப் பிழை இப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஐந்தாறு வெப்பநிலைகளில் அளந்து ln P-ஐ 1/T-க்கு எதிராக வரைந்தால், தவறான புள்ளி கோட்டிலிருந்து விலகி நிற்பது கண்ணில் படும். இரண்டு புள்ளிகள் வழியாக எப்போதும் ஒரு கோடு போகும். சரியான கோடா என்று அந்தக் கோடு சொல்லாது. 47.8 என்ற தவறான விடையும் 42.2 போலவே நேர்த்தியாகத் தாளில் நிற்கும்.

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது, கூடுதல் அளவீடு எதுவும் வேண்டாம். கிடைத்த ΔH-ஐயும் 75 டிகிரியின் அழுத்தத்தையும் வைத்து, ஆவி அழுத்தம் 760 மி.மீ. ஆகும் வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். அதுதான் இயல்பான கொதிநிலை. நம் எண்களைப் போட்டால்,

1/T = 1/348.15 − (8.314/42,200) × ln(760/288.9)

T = 372.9 கெல்வின், அதாவது 99.7 டிகிரி செல்சியஸ். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கோடு சரியான இடத்துக்குப் போகிறது.

இதே சோதனையை அந்த 47.8-க்குச் செய்தால் கொதிநிலை 96.7 என்று வரும். 37.7-க்கு 103 வரும். மூன்று டிகிரி விலகல் என்பது ஆவியாதல் என்தால்பியில் பத்து சதவீதத்துக்கும் மேலான பிழையின் அடையாளம். கொதிநிலை குறைவாக வந்தால் ΔH அதிகமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது, அதாவது P₁ குறைவாக அளக்கப்பட்டிருக்கிறது. அதிகமாக வந்தால் நேர்மாறு. P₂ ஓரளவு நம்பகமானது என்று மேலே கண்டதால், முதலில் 50 டிகிரி அளவீட்டையும் ஐஸ் அளவீட்டையும் மறுபடி எடுங்கள்.

தெரியாத திரவமானாலும் கொதிநிலையை நேரடியாக அளந்துவிட முடியும் என்பதால் இந்தச் சோதனை அங்கும் கைகொடுக்கும். ஆனால் எத்தனால், அசிட்டோன் போன்றவற்றுக்கு இந்தத் திறந்த பீக்கர் ஏற்பாடு வேண்டாம். பீக்கர் முழுக்க அதே திரவத்தை நிரப்பிச் சூடாக்க வேண்டியிருக்கும், தீ விபத்துக்கு அது நேர் வழி. அவற்றுக்கு ஐசோடெனிஸ்கோப் என்ற மூடிய கண்ணாடிக் கருவியை வெற்றிடப் பம்போடு இணைத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து அளப்பார்கள். கருவி மாறினாலும் P₁, P₂ கிடைத்த பிறகு கணக்கு ஒன்றுதான். மற்றொரு விரைவான சோதனையாக, பென்சீன் போன்ற சாதாரணத் திரவங்களில் ஆவியாதல் என்தால்பியைக் கெல்வின் கொதிநிலையால் வகுத்தால் 85-88 ஜூலுக்கு அருகே வரும். இதை ட்ரூட்டன் விதி என்பார்கள். தண்ணீர், ஆல்கஹால் போல ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானவற்றுக்கு இது பொருந்தாது, தண்ணீருக்கு 109 வரும். எனவே இந்த விதியை எல்லாத் திரவத்துக்கும் நீட்டாதீர்கள்.

கிடைத்த ΔH-ஐக் கொண்டு வேறு அழுத்தங்களில் கொதிநிலையையும் கணிக்கலாம். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திட்ட வளிமண்டலக் கணக்குப்படி அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 579 மி.மீ. 373.15 கெல்வினையும் 760 மி.மீ.-ஐயும் ஒரு புள்ளியாக வைத்து, 42.2 கிலோஜூலைப் போட்டால், 579 மி.மீ.-இல் தண்ணீர் 92.7 டிகிரியில் கொதிக்க வேண்டும். அட்டவணையிலிருந்து இடைக்கணிப்பு செய்தால் வருவது 92.5-ஐ ஒட்டிய எண். இடைவெளி சிறியதாக இருக்கும் வரை இப்படிக் கணிப்பது பாதுகாப்பானது. 50-75 டிகிரியில் கிடைத்த மதிப்பை வைத்துப் பிரஷர் குக்கரின் 120 டிகிரிக்கும் அதற்கு மேலும் போகப் போக, ΔH குறைந்துவரும் உண்மையைச் சமன்பாடு அறியாததால், கணித்த அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகிக்கொண்டே போகும். அங்கே வேலை செய்ய வேண்டுமானால் அந்த வெப்பநிலைக்கு அருகில் உள்ள இரண்டு ஆவி அழுத்தங்களை எடுத்துக்கொண்டு கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள்.